நூறு ரூபாய் லீட் உண்மையில் என்ன விலை?

மாதக் கடைசியில் விளம்பர ஏஜென்சி அனுப்பும் அறிக்கையில் பச்சை அம்புக்குறிகள் நிறைய இருக்கும். நான்கு லட்சம் பேரைச் சென்றடைந்தது, கிளிக் விகிதம் உயர்ந்தது, ஒரு லீட்டுக்கு ஆன செலவு இறங்கியது என்று வரிசையாக வரும். அதே மாதத்தில் விற்பனைப் பிரிவோ ஆளில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கின்றன?

நம்பிக்கை: ஒரு லீட்டுக்கு ஆகும் செலவு குறைந்தால் விளம்பரம் நன்றாக ஓடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை விற்கும் ஒரு புரமோட்டர் இருக்கிறார். மனை விலை 40 லட்சத்தில் தொடங்குகிறது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இரண்டு விளம்பரங்கள் ஓட்டுகிறார், ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒரு லட்சம் ரூபாய்.

முதல் விளம்பரத்தில் விலையும் இல்லை, ஊரும் இல்லை. ‘சென்னைக்கு மிக அருகில், குறைந்த முன்பணத்தில்’ என்று மட்டும் இருக்கிறது. படிவம் கேட்பது பெயரும் ஃபோன் எண்ணும்தான். 1,000 லீட் வருகிறது, ஒன்று 100 ரூபாய். இரண்டாவதில் ஊர்ப் பெயரும் ‘40 லட்சம் முதல்’ என்பதும் பெரிதாகவே இருக்கின்றன. படிவத்தில் பட்ஜெட் என்ன, எப்போது வாங்க உத்தேசம் என்று கூடுதலாக இரண்டு கேள்விகள். 250 லீட்தான் வருகிறது, ஒன்று 400 ரூபாய். அறிக்கையைப் பார்ப்பவர் இரண்டாவதை நிறுத்தச் சொல்லிவிடுவார்.

இனி டெலிகாலரின் மேசைக்கு வருவோம். முதல் விளம்பரத்தின் 1,000 பேரில் 420 பேர் ஃபோனை எடுக்கவே இல்லை. 80 எண்கள் தவறானவை. 330 பேர் ‘நான் எதுவும் கேக்கலையேங்க’ என்று வைத்துவிடுகிறார்கள். 150 பேருக்கு ஆசை இருக்கிறது, ஆனால் கையில் 15 லட்சம்தான், அல்லது அவர்கள் தேடுவது வேறு ஊர். மிச்சம் 20 பேர். பட்ஜெட் ஒத்துவருகிறது, இடம் பிடித்திருக்கிறது, ஆறு மாதத்துக்குள் வாங்குவார், முடிவெடுப்பவரும் அவர்தான். இந்த நான்கும் சேர்ந்தவரே தேறிய லீட். அப்படிப் பார்த்தால் ஒருவருக்கு ஆன செலவு 100 ரூபாய் அல்ல, 5,000. இரண்டாவது விளம்பரத்தின் 250 பேரில் 50 பேர் தேறுகிறார்கள். ஒருவருக்கு 2,000 ரூபாய்.

கணக்கு இதோடு முடியவில்லை. ஒரு லீட்டுக்குச் சராசரியாக மூன்று முறை டயல் செய்ய வேண்டியிருக்கிறது என்றும், ஒரு டெலிகாலர் நாளுக்கு 100 டயல் செய்வார், நாள் சம்பளம் 700 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் பட்டியலை முடிக்க 30 ஆள்நாள், 21,000 ரூபாய். இரண்டாவதற்கு ஏழரை நாள், 5,250 ரூபாய். அதையும் சேர்த்தால் 6,050க்கு எதிராக 2,105. விளம்பரக் கணக்கில் இந்தச் சம்பளம் எங்கும் தெரியாது, ஏனென்றால் அது வேறு தலைப்பில் போகும் செலவு.

‘நான் கேக்கலையே’ என்றவர்கள் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. ஃபேஸ்புக் படிவத்தில் பெயரும் எண்ணும் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு முன்கூட்டியே நிரம்பியிருக்கும். விரல் இரண்டு இடத்தில் பட்டாலே லீட் ஆகிவிடும். எண்ணும் பல வருடம் முன்பு கணக்குத் தொடங்கியபோது கொடுத்ததாக இருக்கலாம். படிவ அமைப்பில் More volume என்பதற்குப் பதில் Higher intent என்பதைத் தேர்ந்தெடுத்தால், அனுப்பும் முன் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு திரை கூடுதலாக வரும். அந்த ஒரு திரையே கைதவறி அழுத்தியவர்களில் பலரைக் கழித்துவிடும். ஒரு லீட்டின் செலவும் அப்போது ஏறும், அதைப் பார்த்துப் பதறக் கூடாது.

கிளிக் விகிதமும் இதே வகைதான். விலையை மறைத்த விளம்பரத்தைப் பார்ப்பவர், விலை என்ன என்று அறியவே அழுத்துவார். விலையைப் போட்டால் கிளிக் குறையும், வாங்க முடியாதவர் அங்கேயே விலகிவிடுவார். டெலிகாலர் சம்பளத்துக்குச் செய்ய வேண்டிய வடிகட்டலை விளம்பர வாசகம் சும்மாவே செய்துவிடுகிறது.

நம்பிக்கை: லீட் சரியில்லையென்றால் டார்கெட்டிங்கை மாற்றினால் போதும்.

வயதையும் ஊரையும் மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் உள்ளே ஓடும் இயந்திரம், நீங்கள் எதை வெற்றி என்று சொன்னீர்களோ அதைத்தான் தேடும். படிவம் நிரப்புவதே வெற்றி என்றால், எதைக் கண்டாலும் நிரப்பும் பழக்கமுள்ளவர்களை மலிவாகத் திரட்டித் தரும். ஒவ்வொரு வாரமும் அந்த வேலையில் அது தேறிக்கொண்டே போகும். அதனால்தான் சில விளம்பரங்களில் லீட் விலை இறங்க இறங்க விற்பனையும் இறங்குகிறது.

இதற்கு வழி, டெலிகாலர் குறித்துவைத்த நிலையை சி.ஆர்.எம். மென்பொருளிலிருந்து விளம்பரத் தளத்துக்கே திருப்பி அனுப்புவது. மெட்டாவில் இதற்கு Conversions API இருக்கிறது, கூகுளில் ஆஃப்லைன் கன்வெர்ஷன் இறக்குமதி இருக்கிறது. ‘இவர் தேறியவர், இவர்போல் ஆள் வேண்டும்’ என்று சொல்வதற்குச் சமம் அது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மெட்டா தன் கற்றல் கட்டத்தைத் தாண்ட ஒரு ad setக்கு வாரம் சுமார் 50 நிகழ்வுகளை எதிர்பார்க்கிறது. நம் புரமோட்டரின் இரண்டாவது விளம்பரத்தில் தேறியவர் மாதத்துக்கே 50 பேர். அத்தனை குறைந்த எண்ணிக்கையில் அது கற்க முடியாமல் தடுமாறும். எனவே ஒரு படி முன்னால் உள்ள நிலையை அனுப்பலாம். உதாரணமாக, விலையைக் கேட்ட பிறகும் பேச்சைத் தொடர்ந்தவர். அப்போதும் எண்ணிக்கை எட்டாவிட்டால், பட்ஜெட்டை ஐந்தாறு ad setகளாகத் துண்டு போட்டிருப்பதை ஒன்றாக்க வேண்டும்.

நம்பிக்கை: தேறிய லீட்டின் செலவைப் பார்த்தால் யாரும் ஏமாற்ற முடியாது.

ஏமாற்றலாம். தேறிய லீட்டுக்கு இத்தனை ரூபாய் ஊக்கத்தொகை என்று டெலிகாலருக்கு அறிவித்துப் பாருங்கள், அடுத்த வாரமே ‘யோசிச்சு சொல்றேன்’ என்றவரும் தேறிவிடுவார். நான்கு நிபந்தனைகளையும் விளம்பரம் ஓடுமுன் எழுதிவைப்பது இதற்காகத்தான். அடுத்த படியோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். தேறியவர் 50இலிருந்து 80 ஆகியும் சைட் விசிட் 15இலேயே நின்றால், கூடியது ஆள் அல்ல, தாராளம். சைட் விசிட்டையும் முழுதாக நம்ப வேண்டாம். இலவச வண்டியும் மதியச் சாப்பாடும் உண்டென்றால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருபவர்கள் உண்டு. கடைசியில் டோக்கன் பணம் கட்டியவர் எத்தனை பேர் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: தேறாத லீட்டெல்லாம் விளம்பரத்தின் குற்றம்.

புரமோட்டர்களுக்குப் பிடித்த நம்பிக்கை இது. சனிக்கிழமை இரவு படிவம் நிரப்பியவரைத் திங்கட்கிழமை மதியம் அழைத்தால், அதற்குள் அவர் வேறு நாலு பேரிடம் பேசியிருப்பார், அல்லது மறந்தே போயிருப்பார். அவர் எடுக்காததை ‘ஆர்.என்.ஆர்.’ என்று குறித்து, ஏஜென்சியைத் திட்டுவது எளிது.

பழி யார்மீது என்று கண்டுபிடிக்க அதிக வேலை இல்லை. ஃபோனை எடுத்தவர், எடுக்காதவர் எல்லோரையும் ஒரே பட்டியலில் வைத்து, படிவம் வந்த நேரத்துக்கும் முதல் அழைப்புக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஒரு பத்தி சேர்த்து வரிசைப்படுத்துங்கள். பத்து நிமிடத்துக்குள் அழைக்கப்பட்டவர்களும் மற்றவர்கள் அளவுக்கே எடுக்கவில்லை என்றால் விளம்பரத்தையும் படிவத்தையும் மாற்ற வேண்டும். ஒரு நாள் தாண்டி அழைக்கப்பட்டவர்கள் மட்டும் எடுக்கவில்லை என்றால், ஏஜென்சியை மாற்றும் முன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு டெலிகாலரைப் போடுங்கள்.