பிளே ஸ்டோர் நிராகரித்த செயலி: வழக்கா, திருத்தமா?

கேள்வி: வீட்டில் டியூஷன் நடத்துகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு வினாடி வினா ஆப் தயாரித்திருக்கிறோம். அண்ணன் மகன்தான் செய்து கொடுத்தான். 25 டாலர் கட்டி என் பெயரிலேயே கூகுள் பிளேயில் கணக்குத் திறந்தோம். ஆப் இலவசம், விளம்பரம் மட்டும் வரும். போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு உள்ளே போக வேண்டும். பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ள ஒரு அரட்டைப் பகுதியும் உண்டு. சோதனைக்கு அனுப்பிய முதல் பதிப்பையே கூகுள் நிராகரித்துவிட்டது. எஸ்எம்எஸ் அனுமதி என்றும், உள்ளே நுழைய முடியவில்லை என்றும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. இதை எதிர்த்து வழக்குப் போட முடியுமா? "வயது கேட்கும் இடத்தில் 18+ என்று போட்டுவிடு, தொல்லை இருக்காது" என்கிறார்கள். அப்படிப் போட்டால் குற்றமா? பணம் கொடுத்தால் 12 சோதனையாளர்களைத் தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா? எதுவும் சரிப்படாவிட்டால் என் கணவர் பெயரில் வேறு கணக்குத் திறக்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வழக்கு வேண்டாம். கணக்குத் திறந்தபோது நீங்கள் 'ஏற்கிறேன்' என்று அழுத்தியது ஓர் ஒப்பந்தம். எந்தச் செயலியை வைப்பது, எதை மறுப்பது என்ற உரிமையை அதில் கூகுளுக்குக் கொடுத்துவிட்டீர்கள். தகராறு வந்தால் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம், சாண்டா கிளாரா மாவட்ட நீதிமன்றம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் சில, பிளே ஸ்டோரின் கட்டண முறையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின. அது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று 2023-இல் அந்த வழக்குகளே ஏற்கப்படவில்லை. ஒரு டியூஷன் டீச்சர் தன் முதல் செயலிக்காக நடக்க வேண்டிய பாதை அதுவல்ல.

நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. நிராகரிப்பு வேறு, இடைநிறுத்தம் வேறு. நிராகரிப்பு என்றால் அந்தப் பதிப்பு வெளியே போகாது, அவ்வளவுதான். உடனே உங்கள் கணக்கின் மீது கரும்புள்ளி விழாது. கடைக்கு வந்துவிட்ட செயலியை விதிமீறலுக்காக இடைநிறுத்தினால்தான் அது கணக்கில் ஏறும். அப்படிச் சில சேர்ந்தால் கணக்கே மூடப்படும். நீங்கள் இன்னும் முதல் வாசலில்தான் நிற்கிறீர்கள். ஆனால் ஒன்று: குறையைத் திருத்தாமல் அதே பதிப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள்.

முதலில் எஸ்எம்எஸ். வந்த ஓடிபியைச் செயலியே படித்து நிரப்பிக்கொள்ளட்டும் என்று உங்கள் அண்ணன் மகன் READ_SMS அனுமதியைச் சேர்த்திருப்பார். ஒருவருடைய எல்லாக் குறுஞ்செய்திகளையும், வங்கியிலிருந்து வருவது உட்பட, படிக்கும் அனுமதி அது. குறுஞ்செய்திக்கென்றே இருக்கும் செயலிகளுக்கும் மிகச் சில விதிவிலக்குகளுக்கும் தவிர கூகுள் அதைத் தருவதில்லை. ஓடிபியை மட்டும் எடுத்துக்கொள்ள SMS Retriever என்று அனுமதியே கேட்காத வழி இருக்கிறது. அதற்கு மாறச் சொல்லுங்கள். "நான் அந்த அனுமதியைச் சேர்க்கவே இல்லை, அத்தை" என்று அவர் சொன்னால் அதுவும் உண்மையாக இருக்கலாம். இணைத்த வேறு நூலகம் ஏதாவது அதைக் கூடவே இழுத்து வந்திருக்கும். அப்போது மேனிஃபெஸ்ட் கோப்பில் இப்படி எழுதி நீக்கலாம்:

```xml
<uses-permission
    android:name="android.permission.READ_SMS"
    tools:node="remove" />
```

இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. புதிய பதிப்பில் அனுமதியை எடுத்துவிட்டு ஒரு தடத்தில் மட்டும் ஏற்றுவார்கள். உள்வட்டச் சோதனையிலோ வேறொரு தடத்திலோ பழைய பதிப்பு உயிரோடு இருக்கும். அதைப் பார்த்து கூகுள் மறுபடி நிராகரிக்கும். 'சரிசெய்த பிறகும் மறுக்கிறார்களே' என்று இவர்கள் கொதிப்பார்கள். எந்தெந்தத் தடத்தில் பழையது இருக்கிறதோ அங்கெல்லாம் புதியதைப் போட்டு மூடிவிட வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் எளிது. உங்கள் செயலியைப் பரிசோதிப்பவரிடம் இந்திய எண் இருக்காது, ஓடிபி அவருக்குப் போகாது. திறக்காத கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். கன்சோலில் App access என்ற பக்கத்தில் அவருக்கென்று ஒரு நுழைவு வழி கொடுக்க வேண்டும். ஃபயர்பேஸ் மூலம் ஓடிபி அனுப்புகிறீர்கள் என்றால், சோதனைக்கென ஓர் எண்ணும் அதற்கு எப்போதும் மாறாத ஒரு குறியீடும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டையும், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையும் ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள்.

மின்னஞ்சலில் இல்லாத மூன்றாவது குறையை நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். செயலியின் முகப்புச் சின்னத்தில் தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை இருக்கிறது. அரசு முத்திரைகளை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடுக்கிறது. அரசோடு தொடர்பு இருப்பதாகத் தோன்ற வைப்பது கூகுளின் விதிப்படியும் தவறு. 'இது அரசுச் செயலி அல்ல' என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டு முத்திரையை மேலே வைத்திருப்பதில் பயனில்லை, எடுத்துவிடுங்கள். பாடநூல் விஷயமும் அப்படித்தான். பாடத்தில் உள்ள செய்தி யாருக்கும் சொந்தமல்ல. அதிலிருந்து நீங்களே கேள்விகளை உருவாக்கலாம். பாடநூலின் பத்தியையும் படத்தையும் அப்படியே எடுத்துப் போட்டால் பதிப்புரிமைக் கேள்வி எழும்.

இனி வயது. இங்கே இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன, உங்களுக்கு யோசனை சொன்னவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். உள்ளடக்கத் தரவரிசை என்பது செயலிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது. ஐஏஆர்சி என்ற சர்வதேச அமைப்பின் கேள்வித்தாள் அது. வன்முறை, ஆபாசம், போதைப்பொருள், சூதாட்டம் இருக்கிறதா, பயனர்கள் ஒருவரோடொருவர் பேச முடியுமா, இருக்குமிடம் பகிரப்படுகிறதா என்று கேட்கும். பதிலை வைத்து அதுவே ஒரு வயதுக் குறி கொடுக்கும். உங்கள் வினாடி வினாவுக்கு இந்தியாவில் 3+ கிடைப்பதில் சிரமம் இருக்காது. இலக்கு வயது என்பது வேறு: யாருக்காகச் செய்தீர்கள் என்ற கேள்வி. வருமான வரிக் கணக்குப் போடும் செயலிக்கும் 3+ கிடைக்கும், அதற்காக அது குழந்தைகளுக்கானது ஆகிவிடாது.

ஆறு முதல் பத்து என்றால் உங்கள் பிள்ளைகளுக்குப் பதினொன்று முதல் பதினைந்து வயது. இலக்கு வயதுப் பக்கத்தில் 9–12, 13–15 இரண்டையும் நீங்கள் குறித்தாக வேண்டும். 18+ என்று போட்டால் காவல் நிலையத்தில் வழக்கு வரும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அது ஒப்பந்த மீறல். ஆனால் செயலியின் பெயரிலேயே 'ஆறாம் வகுப்பு' என்று இருக்கும்போது அந்தப் பொய் எத்தனை நாள் நிற்கும்? கண்டுபிடித்தால் அது சாதாரண நிராகரிப்போடு போகாமல் செயலியை நீக்குவதில் போய் நிற்கலாம்.

உண்மையைக் குறித்தால் வேலை கூடும் என்பது சரிதான். குடும்பக் கொள்கை என்ற தனி விதித்தொகுப்பு பொருந்தும். சிறுவர்களுக்கு அதில் அனுமதிக்கப்பட்ட விளம்பர வலைகளை மட்டுமே பயன்படுத்தலாம். அவர்களின் விருப்பங்களைக் கண்காணித்து விளம்பரம் காட்டக் கூடாது. நம் நாட்டுச் சட்டமும் அதே திசையில்தான் போகிறது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, 18 வயது நிறையாதவரின் தகவலைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர்களைக் குறிவைத்த விளம்பரத்தையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. இந்தப் பிரிவை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். அது உச்சவரம்பு, உங்களைப் போன்றவருக்கு விதிக்கும் தொகை அல்ல. ஆனாலும் இப்போதே பிள்ளையின் எண்ணுக்குப் பதில் பெற்றோரின் எண்ணைக் கேட்பது நல்லது.

அரட்டைப் பகுதியைப் பற்றி என் கருத்து கறாரானது: முதல் பதிப்பில் வேண்டாம். அது இருந்தால் தரவரிசைக் கேள்வித்தாளில் 'பயனர்கள் பேசிக்கொள்ள முடியும்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தவறான பதிவைப் புகார் செய்யவும் ஒருவரைத் தடுக்கவும் வசதி வேண்டும். முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் அதில் பேசினால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி உங்கள் வாசலுக்கு வரும். பின்னால் சேர்ப்பதாக இருந்தால், சேர்க்கும் அன்றே கேள்வித்தாளை மறுபடி நிரப்ப வேண்டும்.

தனியுரிமைக் கொள்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிடிஎஃப் கோப்பாக அல்லாமல், எவரும் திறந்து பார்க்கக்கூடிய இணையப் பக்கமாக இருக்க வேண்டும். செயலிக்குள்ளும் அதன் இணைப்பு வேண்டும். பயனர் கணக்குத் தொடங்க வைக்கிறீர்கள் என்பதால், அதை அழிக்கும் வழியைச் செயலிக்குள்ளும் இணையத்திலும் தர வேண்டும்.

சோதனையாளர்களுக்கு வருவோம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளுக்கு, மூடிய சோதனையில் குறைந்தது 12 பேர் சேர்ந்து, தொடர்ச்சியாக 14 நாள் விலகாமல் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் பொதுவெளியீட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கவே முடியும். 100 பேர் வரை சேர்க்கக்கூடிய உள்வட்டச் சோதனை இதில் கணக்கில்லை. சரியாக 12 பேரை வைத்துக்கொண்டு, பத்தாம் நாள் ஒருவர் வெளியேறினால் எண்ணிக்கை உடைந்துவிடும். இருபது பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காசுக்கு ஆள் வாங்குவதில் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. விண்ணப்பத்தில் எப்படி ஆள் சேர்த்தீர்கள், அவர்கள் என்ன பயன்படுத்தினார்கள், என்ன குறை சொன்னார்கள், அதற்கு என்ன மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். நிறுவிவிட்டுத் திறக்காத பன்னிரண்டு பேரை வைத்து அதற்கு என்ன எழுதுவீர்கள்? இன்னும் சோதனை தேவை என்று திருப்பி அனுப்பினால் மறுபடி 14 நாள். உங்களுக்கோ கடைத்தெருவில் ஆள் தேட வேண்டியதே இல்லை; டியூஷனுக்கு வரும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, சம்மதித்தவரின் ஜிமெயிலை மட்டும் பட்டியலில் ஏற்றுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் சொல்லும் குறைகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தால் விண்ணப்பத்துக்கு அதுவே பதில்.

கணவர் பெயரில் இன்னொரு கணக்குத் திறக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் ஒரு கணக்கு மூடப்பட்டால் அதோடு தொடர்புடைய கணக்குகளையும் கூகுள் மூடுகிறது. ஒரே வீடு, ஒரே கணினி, அதே செயலி என்றால் தொடர்பைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரு நிராகரிப்புக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்காதீர்கள். முத்திரையை எடுத்து, எஸ்எம்எஸ் அனுமதியை நீக்கி, நுழைவு வழியைக் கொடுத்து, உங்கள் கணக்கிலேயே புதிய பதிப்பை அனுப்புங்கள். குறையெல்லாம் தீர்ந்த பிறகும் மறுத்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள மேல்முறையீட்டு இணைப்பில் எதைத் திருத்தினீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். அதற்கு வக்கீல் கட்டணம் தேவையில்லை.