காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்

மழைக்காலத்தில் எங்கள் காய்ச்சல் வார்டுக்குள் நுழைந்ததும் என் காதில் விழும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "டாக்டர், கவுண்ட் எவ்வளவு?" தட்டணு எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். பல ஆண்டுகள் நானும் அந்த எண்ணையே முதலில் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது நோயாளியின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறேன், பிறகு ரத்த அழுத்தம், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், பிசிவி. தட்டணு அதற்குப் பிறகுதான்.

ஒரு கல்லூரி மாணவனின் கதையைச் சொன்னால் இது விளங்கும். வயது 19, எடை 50 கிலோ. ஞாயிற்றுக்கிழமை மாலை காய்ச்சல் தொடங்கியது. திங்கட்கிழமை எடுத்த ரத்தப் பரிசோதனையில் டெங்கு உறுதியானது. தட்டணு 1,60,000, பிசிவி 40. பாராசிட்டமாலும் நீராகாரமும் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், அது சரியான முடிவுதான். வியாழக்கிழமை காலை காய்ச்சல் முழுவதுமாக விட்டுவிட்டது. அம்மாவுக்கு நிம்மதி. பையன் மட்டும் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்திருந்தான். நான்கு முறை வாந்தி. அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை, பத்து மணிக்கு அழைத்து வந்துவிட்டார்.

"காய்ச்சல் விட்டுடுச்சு சார், ஆனா எழுந்து உட்கார மாட்டேங்கறான்" என்றார். டெங்குவில் நான் மிகவும் பயப்படும் வாக்கியம் அது. மற்ற பல காய்ச்சல்களில் சூடு இறங்கினால் நோய் இறங்குகிறது என்று பொருள். டெங்குவில் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கி, ரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் போய்ச் சேர்கிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். எல்லாருக்கும் கசிவு கடுமையாவதில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்பதை எச்சரிக்கை அறிகுறிகள்தான் காட்டிக்கொடுக்கும்.

அந்தப் பையன் தெளிவாகப் பேசினான். ரத்த அழுத்தம் 104/82. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியோ வெறும் 22. அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை என்றே கொள்ள வேண்டும். உடல் கடைசிவரை மேல் எண்ணைத் தாங்கிப் பிடிக்கும், அதனால்தான் பேசிக்கொண்டே இருக்கிற நோயாளி திடீரென்று சரிகிறார். பாதம் சில்லென்றிருந்தது. விரல் நகத்தை அழுத்தி விட்டேன். இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டிய நகம் அதைத் தாண்டியும் வெளுத்தே இருந்தது. விடியற்காலைக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை.

பரிசோதனையில் தட்டணு 62,000, பிசிவி 48. அப்பா முதல் எண்ணைப் பார்த்து அதிர்ந்தார், எனக்குப் பயம் தந்தது இரண்டாவது எண். பிசிவி என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் இடம் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு. நீர் வெளியேறினால் ரத்தம் கெட்டியாகும், இந்த எண் ஏறும். 40 இருந்தது 48 ஆனால் 20 சதவீத ஏற்றம். திங்கட்கிழமை அறிக்கையை அப்பா பத்திரமாக வைத்திருந்ததால்தான் அந்த ஏற்றம் எங்களுக்குத் தெரிந்தது.

ரிங்கர் லாக்டேட் தொடங்கினோம். கிலோவுக்கு 6 மில்லி வீதம் மணிக்கு 300 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு. பிறகு மறுபடி பார்த்தோம். அழுத்தம் 110/76, இடைவெளி 34 ஆக விரிந்திருந்தது. பாதம் சூடேறியிருந்தது. பிசிவி 45. உடனே வேகத்தை 200 மில்லியாகக் குறைத்தோம், நான்கு மணி நேரம் கழித்து 125. ஒவ்வொரு முறையும் குறைக்கும் முன் அழுத்தம், பிசிவி, சிறுநீர் மூன்றையும் பார்த்தோம். அவன் எடைக்கு மணிக்குக் குறைந்தது 25 மில்லி சிறுநீர் வந்தால் போதும். அளக்கும் குவளையைக் கட்டிலடியில் வைத்து, சிஸ்டர் ஒவ்வொரு முறையும் அளவை எழுதினார். ஒரே வேகத்தில் விட்டுவிட்டுப் போய்விடக்கூடிய வைத்தியம் இல்லை இது. இவை அந்தப் பையனுக்கான அளவுகள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இதய நோயாளிக்கும் கணக்கு மாறும்.

வெள்ளிக்கிழமை இரவு தட்டணு 18,000 ஆனது. "எங்கிருந்தாவது தட்டணு ஏற்பாடு பண்றேன் சார்" என்று அப்பா பதறினார். அவரைப் பையனின் அருகில் அழைத்துப் போனேன். பிசிவி 42. வயிற்று வலி இல்லை. ஈறிலோ மூக்கிலோ ரத்தம் இல்லை. இட்லி வேண்டும் என்று கேட்கிறான். தட்டணு இறங்கியபோதும் கசிவு நின்றுகொண்டிருந்தது. ரத்தக் கசிவு இல்லாதவருக்கு, எண் குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதால் பயனில்லை. 20,000க்கும் கீழே போன பெரியவர்களிடம் நடத்தி 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, ஏற்றியவர்களுக்கு ரத்தக்கசிவு குறையவில்லை என்றும் பக்கவிளைவுகள் கூடின என்றும் காட்டியது. நாங்கள் ஏற்றவில்லை. சனிக்கிழமை காலை டிரிப்ஸை நிறுத்தினோம். திங்கட்கிழமை தட்டணு 56,000, வீட்டுக்குப் போனான்.

டிரிப்ஸை நிறுத்துவதில் நான் காட்டும் கண்டிப்புக்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணுக்குக் கசிவு நின்று பசியும் எடுத்துவிட்டது. தட்டணு மட்டும் ஏறவில்லை. அதற்காகவே இரண்டு நாள் கூடுதலாக டிரிப்ஸ் ஓட விட்டேன். வெளியே கசிந்த நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும் நேரம் அது. அதன் மேல் நான் இன்னும் நீரை ஊற்றினேன். இரண்டாம் நாள் இரவு இமைகள் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்கினார். நீரை நிறுத்தி, சிறுநீர் பிரிக்கும் ஊசி போட்டு மீட்டோம். தட்டணுவைப் பார்த்து நீர் ஏற்றக் கூடாது என்பதை அந்த இரவில் கற்றேன்.

பிசிவி இறங்குவதற்கும் இரண்டு பொருள் உண்டு. பாதம் சூடாக, சிறுநீர் தாராளமாக இருந்தால் குணமாகிறார். நாடி வேகமாக, பாதம் சில்லென்று இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது. அவருக்குத் தேவை ரத்தம், கூடுதல் சலைன் அல்ல.

வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் பிசிவி என்ன என்று கேட்டு வையுங்கள். இளநீர், கஞ்சி, மோர், ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே, ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கண்காணியுங்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ மலத்திலோ ரத்தம், அயர்ச்சி அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, சில்லிட்ட கைகால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

அந்தப் பையனின் அப்பா காய்ச்சல் விட்ட அன்று காலையிலேயே கிளம்பி வந்தார், கையில் திங்கட்கிழமை அறிக்கையோடு. அன்று மதியம்வரை பார்க்கலாம் என்று அவர் இருந்திருந்தால், அந்த இடைவெளி 22இல் நின்றிருக்காது.