வெந்த கீரையும் ஒரு வெள்ளை ஸ்பூனும்

இரண்டடித் தொட்டியிலிருந்து மூன்றடித் தொட்டிக்கு மீன்களை மாற்றியபோது என்னிடம் ஐந்து கிரிப்ட் செடிகள் இருந்தன. கிரிப்டோகோரைன் வெண்டியை என்பது முழுப்பெயர். இலங்கையின் ஓடைகளிலும் ஆற்றோரங்களிலும் இயல்பாக வளர்வது. பழைய தொட்டியில் போர் தண்ணீர்தான். புதியதில் செடிக்கு நல்லது செய்வதாக நினைத்து பாதிக்கு மேல் கேன் தண்ணீர் ஊற்றினேன். விளக்கும் முன்னதைவிடப் பிரகாசமானது. ஐந்தாம் நாள் இலைகளெல்லாம் தரையோடு படுத்துவிட்டன. “என்னங்க இது, வெந்த கீரை மாதிரி கிடக்கு. எடுத்துப் போடுங்க, நாறப் போகுது” என்றாள் மனைவி. இரண்டைப் பிடுங்கி எறிந்தேன். மற்ற மூன்றும் கல்லுக்குப் பின்னால் இருந்ததால் கை எட்டவில்லை, சோம்பலில் விட்டுவிட்டேன்.

24ஆம் நாள் அந்த மூன்று இடத்திலும் மணலைக் கீறிக்கொண்டு செம்பழுப்பு நிறத்தில் குருத்து வந்தது. எறிந்த இரண்டும் உயிரோடு இருந்தவைதான்.

அன்றைக்கு போனில் பழைய படங்களைப் புரட்டினேன். புதுத் தொட்டி என்ற ஆசையில் தினமும் எடுத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் படத்திலேயே எல்லாம் இருந்தது. ஒரு இலையின் ஓரத்தில் எண்ணெய் பட்ட காகிதம் போல ஒரு திட்டு. அதன் வழியே பின்னாலிருந்த கல் மங்கலாகத் தெரிந்தது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. அதன்பின் சொந்தக்காரர்கள், நண்பர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்தான் இங்கே எழுதுவது.

இலை கரைகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அது என்ன செடி என்று பார்க்க வேண்டும். ஒரே அறிகுறி ஒரு செடிக்குச் சாதாரணம், இன்னொன்றுக்குச் சாவு. கிரிப்டையும் அமேசான் ஸ்வார்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் நடுவிலிருந்து கொத்தாக இலை விடும். நரம்பைப் பாருங்கள். ஸ்வார்டு இலையில் காம்பு சேரும் இடத்திலேயே பல நரம்புகள் கிளம்பி, வில்லாக வளைந்து நுனியை நோக்கி ஓடும். அவற்றுக்கு நடுவே ஏணிப்படி போலக் குறுக்கு நரம்புகள். கிரிப்டில் நடுநரம்புதான் பெரிது. மற்றவை அதிலிருந்து பக்கவாட்டில் பிரியும். ஓரம் பெரும்பாலும் நெளிநெளியாக இருக்கும், நிறம் பழுப்பு கலந்திருக்கும்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வேறு சாதி. கிடையாகப் படுத்த ஒரு தண்டுக்கிழங்கிலிருந்து இலை வரும். அந்தக் கிழங்கு மணலுக்கு மேலே இருக்க வேண்டும். தொட்டி மாற்றும்போது மற்ற செடிகளைப் போல இதையும் மண்ணுக்குள் புதைத்துவிடுகிறோம். கிழங்கு அழுகி, இலை பச்சையாக இருக்கும்போதே காம்போடு கழன்று மிதக்கும். படத்தில் பச்சை அனுபியாஸ் இலை மிதந்தால் நான் இலையை விட்டுவிட்டுக் கிழங்கைக் காட்டச் சொல்வேன். ஜாவா ஃபெர்ன் இலையின் பின்புறம் வரிசையாகக் கரும்புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம், அது வித்துக்கூடு. அதைக் கரைதல் என்று நினைத்து மொட்டையடித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

இன்னொரு வகை, தண்ணீர்ச் செடியே அல்லாதது. லக்கி பாம்பூ என்று வரவேற்பறையில் வைப்பார்களே, அதே டிரசீனாவைச் சில கடைகளில் மீன்தொட்டிச் செடியாக விற்றுவிடுகிறார்கள். எனக்கும் ஒருமுறை விற்றார்கள். முழுக்க முக்கி வைத்தால் சில மாதம் பச்சையாகவே இருந்து ஏமாற்றும். பிறகு அடித்தண்டு மஞ்சளாகி மெத்தென்று ஆகும். விறைப்பான தண்டு, தண்டைச் சுற்றி வளையம் வளையமாகக் கணு, தண்ணீர் ஓட்டத்தில் அசையாத தடித்த இலை, இந்த மூன்றும் படத்தில் சேர்ந்து தெரிந்தால் சந்தேகப்படலாம்.

இனி கரைதல். கரைகிற இலையில் முதலில் நிறம் போவதைவிட உடல் போகும். செல்கள் உடைந்து நீர் கோத்துக்கொள்வதால் திட்டுத் திட்டாகக் கண்ணாடியாகும். திட்டின் எல்லை கோடு கிழித்தாற்போல இருக்காது, பச்சைக்குள் மங்கிக் கலந்திருக்கும். நரம்பு மட்டும் கடைசிவரை நிற்கும். அடுத்து காம்பு தொய்ந்து மடியும். புது இலை, பழைய இலை என்று பார்க்காமல் பல இலைகளில் ஒரே வாரத்தில் இது நடக்கும். வயதான இலை உதிர்வது இப்படி இருக்காது; வெளிவட்டத்தில் ஒன்று, பிறகு ஒன்று என்று மஞ்சளாகிப் போகும். நத்தை அல்லது மீன் சுரண்டிய ஓட்டையின் விளிம்பு சுத்தமாக இருக்கும், சுற்றிலும் இலை கெட்டியாக இருக்கும். குண்டூசி ஓட்டையைச் சுற்றி மஞ்சளோ கருப்போ வளையமிட்டு, வாரக்கணக்கில் மெல்லப் பெரிதானால் பெரும்பாலும் பொட்டாசியம் குறைவு. பாசி என்றால் இலைமேல் உட்கார்ந்திருக்கும், விரலால் தேய்த்தால் கீழே பச்சை தெரியும்.

ஒன்றில் மட்டும் நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன். தண்ணீருக்குள் பிறக்கும் புது இலையும் மெல்லியது, ஒளி ஊடுருவும். நர்சரிகளில் பல செடிகளைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். அந்த இலை தடித்தது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது. தொட்டிக்குள் வந்ததும் அது வேலைக்கு ஆகாது. செடி அதைக் கைவிட்டுவிட்டு, நீருக்கேற்ற மெல்லிய இலையை நடுவிலிருந்து விடும். வடிவமே மாறிவிடும். ரோட்டாலாவின் வட்ட இலை நீருக்குள் ஒடுங்கி நீள்வதைப் பார்த்து வேறு செடி முளைத்துவிட்டது என்று நினைத்தவர் உண்டு. ஆகவே ஒளி ஊடுருவுவது மட்டும் அடையாளம் இல்லை. ஆரோக்கியமான புது இலையில் ஒளி சீராக வரும், நரம்பும் இடைவெளியும் ஒரே குடும்ப நிறத்தில் இருக்கும். கரைகிற இலையில் திட்டுத் திட்டாக வரும்.

இதெல்லாம் தெரிய வேண்டுமானால் படம் ஒழுங்காக இருக்க வேண்டும். போன வருடம் திருநெல்வேலியிலிருந்து என் மச்சினன் ஒரு படம் அனுப்பினான். தொட்டி மாற்றி ஒன்பது நாள். “அத்தான், எல்லாச் செடியும் கரையுது. மொத்தமா அள்ளிப் போட்டுடவா?” படத்தைப் பார்த்தால் எல்லாமே தேநீருக்குள் நிற்பதுபோல இருந்தது. கண்ணாடியில் அவன் பனியன் வேறு பிரதிபலித்தது.

ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனைச் செடிப் பக்கத்தில் செருகச் சொன்னேன். ஸ்பூன் மஞ்சளாகத் தெரிந்தால் இலையின் மஞ்சளையும் நம்ப முடியாது; அளவும் தெரியும். அறை விளக்கை அணைத்து, ஃபிளாஷையும் நிறத்தைக் கூட்டிக் காட்டும் வசதியையும் நிறுத்தி, ஃபில்டரை ஒரு நிமிடம் ஓய்வில் விட்டு, துடைத்த கண்ணாடியில் போனைச் சாய்க்காமல் நேராக ஒட்டி வைத்து எடுக்க வேண்டும். மொத்தம் மூன்று படம்: முழுச் செடி ஒன்று, ஒரு இலையின் பின்னால் இன்னொரு போனின் டார்ச்சைக் காட்டி ஒன்று, இலைகள் மணலில் சேரும் அடிப்பகுதி ஒன்று. அடிப்பகுதிப் படத்தை யாரும் தானாக அனுப்புவதில்லை, எனக்கு வேண்டியது அதுதான். அதே இலையை இரண்டு நாள் கழித்து அதே கோணத்தில் எடுத்தால், திட்டு வளர்ந்ததா நின்றதா என்று சொல்லிவிடலாம்.

படங்கள் வந்தன. இடது ஓரத்தில் ஸ்வார்டு. வெளி இலைகள் நான்கு மஞ்சளும் கண்ணாடியுமாகக் கெட்டிருந்தன. ஆனால் அடிப்பகுதிப் படத்தில் நடுக்குருத்து வெளிர்பச்சையாக, பழையவற்றைவிட ஒடுக்கமாக நிமிர்ந்து நின்றது. கடையிலிருந்து வந்த இலையைக் கழற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வலது ஓரத்தில் கணுத்தண்டோடு டிரசீனா, அடி மஞ்சள். அதைப் பிடுங்கச் சொன்னேன்.

நடுவில்தான் சிக்கல். நாடா போல நீண்ட வாலிஸ்னேரியா. டார்ச் படத்தில் பெரும்பாலான நாடாக்கள் முழுநீளமும் நிறமிழந்து, ஈரமான பாலிதீன் போலத் தெரிந்தன. தண்ணீர் அதே தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர்தான், மாறவில்லை. வேறென்ன ஊற்றினாய் என்று துருவிக் கேட்டதும் சொன்னான்: பாசி வரக்கூடாது என்று தினமும் லிக்விட் கார்பன். கடைகளில் கிடைக்கும் அந்தத் திரவம் பலவற்றில் குளுட்டரால்டிஹைடு வகைதான். வாலிஸ்னேரியாவுக்கு அது ஆகவே ஆகாது என்பது செடி வளர்ப்பவர்கள் பட்டுத் தெரிந்த விஷயம். நிறுத்தச் சொல்லி, இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றச் சொன்னேன். செத்த இலை தண்ணீரில் ஊறினால் அமோனியா ஏறி மீனைப் பிடிக்கும். ஆகவே கூழான நாடாக்களை மட்டும் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுக் கத்தரிக்க வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் வேரும் சேர்ந்து வரும். இடம் மாற்றி நடுவதும் புது உரம் போடுவதும் அந்த நேரத்தில் வேண்டாத வேலை. விளக்கு ஆறு மணி நேரம் போதும்.

செடி பிழைக்குமா என்பதைப் படத்தில் ஓரளவுதான் சொல்ல முடியும். கிரிப்ட், ஸ்வார்டு இரண்டிலும் மணலை லேசாக விலக்கி, இலைகள் கூடும் அடித்தண்டை நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் காத்திருக்கலாம். அமுங்கி அழுகல் வாடை அடித்தால் எடுத்துவிடலாம். வாடை படத்தில் வராது. எறிவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள், என் இரண்டு கிரிப்டுக்கும் அது நடக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மச்சினன் மறுபடியும் படம் அனுப்பினான். வாலிஸ் குட்டையாக, ஐந்தாறு புது நாடாக்களோடு நின்றதுபோல இருந்தது; ஆனால் எல்லாம் பழையபடி தேநீர் நிறம். ஸ்பூன் எங்கேடா என்று கேட்டேன்.

“அம்மா தயிருக்கு எடுத்துட்டாங்க அத்தான். நாளைக்கு வெச்சு அனுப்புறேன்.”