கடலைத் தண்ணீர் நுரையை இறுக வைப்பது எது?

கொண்டைக்கடலையை வேகவைத்து வடித்தால் சற்றுப் பிசுபிசுப்பான மஞ்சள் நீர் மிஞ்சும். அதை அடித்தால் முட்டை வெள்ளைக்கருவைப் போலவே நுரைத்துப் பொங்கும். 2014ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஜோயல் ரோசெல் இதைக் கண்டறிந்தார். மறு ஆண்டு, அந்த நீரும் சர்க்கரையும் இருந்தாலே மொறுமொறுப்பான மெரிங் செய்யலாம் என்று அமெரிக்கரான கூஸ் வோல்ட் காட்டினார். ஆனால் முட்டைக்குரிய செய்முறையை அப்படியே பின்பற்றினால், நுரை அவனில் சப்பையாகி வழிந்துவிடக்கூடும். ஏன்?

நுரைப்பது வேறு, இறுகுவது வேறு. கடலை வேகும்போது அதிலுள்ள புரதம், மாவுச்சத்து, சப்போனின் ஆகியவற்றில் ஒரு பகுதி நீரில் கரைகிறது. புரதமும் சப்போனினும் காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் படலமாகப் படிகின்றன. மாவுச்சத்து நீரைக் கெட்டியாக்கி, குமிழிகளிலிருந்து அது விரைவில் வடியாமல் தடுக்கிறது. முட்டை வெள்ளையிலும் குமிழிகளைப் பிடித்து வைப்பது புரதமே. ஆனால் சூடேறும்போது அந்தப் புரதம் உறைந்து உறுதியான சுவராகிறது. கடலை நீரில் இருப்பதோ ஏற்கெனவே கொதியைத் தாங்கிய, மிகக் குறைவான புரதம். அது அவனில் அப்படி உறையாது. எனவே இறுகுவதற்கு வேறொரு பொருள் வேண்டும்.

மெரிங்கில் அந்தப் பொருள் சர்க்கரை. 120 மில்லிலிட்டர் நீரைக் கெட்டி நுரையாகும்வரை அடித்து, 120 கிராம் பொடிச் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து மேலும் அடிக்க வேண்டும். நுரை பளபளப்பாகி, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்க வேண்டும். பிறகு 100 டிகிரி செல்சியஸில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைக்கலாம். இது வேகவைப்பதைவிட உலர்த்துவதே. நீர் ஆவியாக, சர்க்கரை கண்ணாடிபோல் இறுகிக் குமிழிகளைத் தாங்குகிறது. தாளிலிருந்து சுத்தமாகப் பெயர்ந்து வந்தால் உலர்ந்துவிட்டது என்று அறியலாம். சர்க்கரை ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் விரைவில் ஒட்டத் தொடங்கும். ஆறியவுடன் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள்.

மூஸ் இறுகுவது சூட்டால் அல்ல, குளிரால். அங்கே கொக்கோ வெண்ணெய் அந்த வேலையைச் செய்கிறது. 150 கிராம் கறுப்புச் சாக்லெட்டை உருக்கி, விரலுக்கு இளஞ்சூடாகும்வரை ஆறவிட்டு, 120 மில்லிலிட்டர் நீரின் நுரையில் மெதுவாகக் கலக்க வேண்டும். சாக்லெட் சூடாக இருந்தால் நுரை அமுங்கும். அதிகம் ஆறினால் கட்டி தட்டும். கொழுப்பு குமிழிகளை உடைப்பதால் கலக்கும்போது நுரை சற்று இறங்கத்தான் செய்யும். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் வைத்தால் கொக்கோ வெண்ணெய் உறைந்து, எஞ்சிய குமிழிகளை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் வேகவைத்த கடலையின் நீர் தண்ணீராக ஓடினால், வெள்ளைக்கருவின் பதம் வரும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். கிண்ணத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் நுரை சரியாக எழாது.