வர இயலாத கச்சேரிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

22ஆம் தேதிக் கச்சேரிக்கு வாசிக்க முடியாது என்று, அதில் பாடும் அக்காவுக்கு அனுப்ப நீ எழுதிவைத்திருக்கும் செய்தியைப் படித்தேன். சிக்கன்குனியா வந்து விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும்போது மிருதங்கத்தைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொன்னது சரி. காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும். மூட்டுவலி வாரக்கணக்கில் நிற்கும். அதனால் விலகுவதா வேண்டாமா என்பதில் பேச ஒன்றுமில்லை. எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி மட்டும், பக்கவாத்தியக்காரர்களிடமிருந்து இப்படிப்பட்ட செய்திகளைப் பெறும் பாடகி என்ற முறையில் எழுதுகிறேன்.

நீ எழுதியது இது: “அக்கா, ரொம்ப ரொம்ப மன்னிக்கணும். உடம்பு சரியில்லை, 22ஆம் தேதி வர முடியாத நிலைமை. கடைசி நேரத்தில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். தயவுசெய்து தப்பாக நினைக்காதீர்கள். மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.”

இதைப் படித்ததும் அக்கா என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார். முதலில் உன்னைத் தேற்ற வேண்டும். “பரவாயில்லப்பா, உடம்பைப் பார்த்துக்கோ” என்று எழுதாவிட்டால் அவர் கோபித்துக்கொண்டதாக நீ நினைப்பாய் என்று அவருக்குத் தெரியும். மூன்று நாளில் மிருதங்கத்துக்கு ஆள் தேட வேண்டிய நேரத்தில், உன் சங்கடத்தை ஆற்றும் வேலையும் அவர் தலையில் விழுகிறது. அதோடு, என்ன நோய் என்று சொல்லாமல் இத்தனை முறை மன்னிப்புக் கேட்பவனுக்கு அன்று மாலை வேறு பெரிய சபாவில் கச்சேரி கிடைத்திருக்குமோ என்ற ஐயமும் எழும். மார்கழியில் அப்படி நடப்பதுண்டு என்பதால் அந்த ஐயத்தைத் தவறென்றும் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்குத் தேவையான ஒரு தகவல்கூட அதில் இல்லை.

அவருக்கு என்ன தேவை? ஐந்தரைக் கட்டைக்கு வாசிக்கக்கூடிய ஒருவர். ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு வாசிக்கும் தக்கு ஸ்ருதி மிருதங்கத்தைத் தட்டிச் சற்று ஏற்றலாமே தவிர, ஐந்தரைக்குக் கொண்டுபோக முடியாது என்பது உனக்கே தெரியும். எனவே, காலியாக இருக்கிறாரா என்று கேட்டால் மட்டும் போதாது; அந்த ஸ்ருதிக்கு வாத்தியம் கையில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அடுத்தது பல்லவி. கண்ட ஜாதி திரிபுடையில், சமத்திலிருந்து தள்ளி எடுக்கும் பல்லவியை அக்கா உனக்காகப் பாடி அனுப்பியிருக்கிறார். வருகிறவருக்கு அது முன்னாலேயே கிடைத்தால்தான் மேடையில் எடுப்பைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். மூன்றாவதாகக் கஞ்சிராக்காரர். தனி ஆவர்த்தனத்தை உன்னோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம் என்று நினைத்திருப்பவர், மேடையேறிய பிறகா வேறு முகத்தைப் பார்ப்பது?

ஆகவே இன்று மாலைக்குள் முதலில் அக்காவுக்கு ஃபோன் செய். அவர் எடுக்காவிட்டால் இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்லி, பிறகு பேசுவதாக எழுது. அவரிடமும், உனக்குப் பதிலாக வாசிக்கக்கூடிய இருவரிடமும், கஞ்சிராக்காரரிடமும் பேசி முடித்ததும் விவரமெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்படி இதை அனுப்பு:

“அக்கா, நமஸ்காரம். ஃபோனில் சொன்னபடி, சிக்கன்குனியாவால் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன; 22ஆம் தேதி மாலை என்னால் வாசிக்க முடியாது. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும். இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன். அன்று மாலை இருவரும் காலி, இருவரிடமும் ஐந்தரைக்கு மிருதங்கம் இருக்கிறது. பெயரும் எண்ணும் கீழே. யாரையும் உறுதிசெய்யவில்லை, நீங்கள் சொல்பவருக்குப் பல்லவி ஒலிப்பதிவை உடனே அனுப்பிவிடுகிறேன். கஞ்சிரா அண்ணாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இந்தக் கச்சேரிக்கு என்னை அழைத்ததற்கும், பல்லவியை முன்கூட்டியே பாடி அனுப்பியதற்கும் நன்றி அக்கா.”

மன்னிப்பு ஒரே ஒரு முறை, விஷயத்தைச் சொன்ன கையோடு வந்துவிட்டது. அதை எடுத்துவிடச் சொல்லமாட்டேன். நீ நோயுற்றது உன் குற்றம் இல்லையென்றாலும் சிரமம் அவருக்குத்தான். ஆனால் கடைசி வரியில் அது திரும்பி வந்தால், நடுவில் நீ செய்துவைத்த ஏற்பாடெல்லாம் மங்கிப்போய், படித்து முடிப்பவர் மனதில் உன் குற்ற உணர்வுதான் நிற்கும். நன்றியில் முடித்தால் அவர் உனக்குத் தேறுதல் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பெயரில் ஒன்றைச் சொன்னால் போதும்.

அந்த நன்றியை எதற்குச் சொல்கிறாய் என்பதில் கவனம் வேண்டும். “புரிந்துகொண்டதற்கு நன்றி” என்று எழுதாதே. அவர் புரிந்துகொண்டாரா என்பது இன்னும் தெரியாது. கோபப்பட அவருக்கு இருக்கும் உரிமையை நீ முன்கூட்டியே பறித்தது போலாகும். பொறுமைக்கு நன்றி என்பதும் அதே கதைதான். அவர் ஏற்கெனவே செய்து முடித்த ஒன்றுக்கு நன்றி சொல். அழைத்தார், பல்லவி அனுப்பினார்: இரண்டும் நடந்தவை, யாரும் மறுக்க முடியாதவை. நன்றிக்குப் பின்னால் “அடுத்த முறை கட்டாயம் கூப்பிடுங்கள்” என்ற வரியையும் ஒட்டாதே. அதோடு நன்றி விண்ணப்பமாக மாறிவிடும்.

இந்த முறை பொருந்தாத இடமும் உண்டு. ஒரே மாலைக்கு இரண்டு கச்சேரி ஒப்புக்கொண்டுவிட்டு ஒன்றை விடுகிறாய் என்று வை. அங்கே தவறு உன்னுடையது. நன்றியில் வழுக்கிக்கொண்டு போனால் நழுவுவதாகத்தான் தெரியும். “தேதியைக் குறித்துவைக்காதது என் தவறு, மன்னிக்க வேண்டும்” என்று நேராகச் சொல்லி, மாற்று ஏற்பாட்டைச் சொல்லி, அதோடு நிறுத்து. அங்கேயும் மன்னிப்பு ஒரு முறைதான், ஆனால் எதற்கு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முன்பணம் வாங்கியிருந்தால் அவர்கள் கேட்பதற்கு முன் திருப்பிக் கொடு.

செய்தி போன பிறகும் பழைய பழக்கம் எட்டிப்பார்க்கும். அக்கா “சரிப்பா, உடம்பைக் கவனிச்சுக்கோ” என்று பதில் போட்டால், “சரி அக்கா, நன்றி” போதும். அங்கே மீண்டும் மன்னிப்பில் இறங்காதே. 22ஆம் தேதி காலையிலும் வேண்டாம். அன்று அவர் குரலையும் பட்டியலையும் பார்த்துக்கொண்டிருப்பார். வாசிக்கப் போகிறவரிடம் மட்டும், பல்லவியில் ஏதாவது கேட்க வேண்டுமா என்று முந்தின நாள் பேசு.

சபா செயலாளருக்கு நீயாக எழுதாதே. யார் வாசிப்பது என்று அக்கா முடிவு செய்த பிறகு, அறிவிப்பில் பெயரை மாற்றும்படி அவரே சொல்வார், அல்லது உன்னைச் சொல்லச் சொல்வார். உன்னைச் சொல்லச் சொன்னால் மூன்று வரி: யாருக்குப் பதில் யார், எந்தத் தேதி, வாய்ப்புக்கு நன்றி. நோயின் கதை அவருக்கு வேண்டாம்.

இதையெல்லாம் நாளைக்கு என்று தள்ளாதே. சீசனில் இன்று காலி என்று சொன்ன இருவரும் நாளை காலை வேறு யாருக்காவது ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
உன் அக்கா ஒருத்தி