பாட்டி பேசினால் புள்ளி வைப்பது யார்?

ஜொகூர் பாருவின் தெப்ராவ் வட்டாரத்தில் தோட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மவுண்ட் ஆஸ்டின் இன்று உணவகங்களும் கடைவரிசைகளும் நிறைந்த புறநகர். ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். பிரட்டு, நெரை, மங்கு, தண்டல், லயம் என்று அந்த வாழ்க்கைக்கென இருந்த சொற்களை எழுபது, எண்பது வயதுக்காரர்கள்தான் இப்போது இயல்பாகப் பேசுகிறார்கள். எழுதச் சொன்னால் தயங்குகிற இவர்கள், வாட்சப்பில் குரல் பதிவு அனுப்பச் சொன்னால் தயங்குவதில்லை. பேரப்பிள்ளைகளின் கைப்பேசியில் அவை வரிசையாக வந்து சேர்கின்றன. அவற்றைப் படிக்கத் தக்க உரைநடையாக்க வேண்டுமென்றால் வாக்கியம் எங்கே முடிகிறது, பத்தி எங்கே மாறுகிறது, யார் பேச்சு எங்கே தொடங்குகிறது என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் தோன்றும் வழி, குறிகளை வாயால் சொல்லிவிடுவது. ஆங்கிலத்தில் கடிதம் சொல்லி எழுதவைக்கும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் கமா, புதிய பத்தி என்றெல்லாம் சொல்லியே பழகியவர்கள். கணினி அதைக் கேட்டு குறியாகவே மாற்றிவிடும். தமிழில்தான் சிக்கல். கூகுள் 2017இல் தமிழைக் குரல்வழி உள்ளீட்டில் சேர்த்தது. மொழிப் பட்டியலில் மலேசியத் தமிழும் தனியாக உண்டு. ஆனால் கூகுள் டாக்ஸில் சொன்ன குறி குறியாகவே விழும் வசதிக்கு உதவிப் பக்கம் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், ரஷ்யன் ஆகிய மொழிகளை மட்டுமே. தமிழில் ‘முற்றுப்புள்ளி’ என்று சொன்னால் அந்தச் சொல்லே எழுத்தில் விழுகிறது. ஆகவே தமிழில் குறிகளைச் சொல்லிப் பேசுகிறவர் பாதி வேலையை மட்டும் முடிக்கிறார். மீதிப் பாதி, சொற்களைத் தேடிக் குறிகளாக மாற்றுவது.

அந்த மீதிப் பாதி எவ்வளவு என்பதை ஒரு துண்டை வைத்துப் பார்க்கலாம். தோட்டத்தில் வளர்ந்த ஒரு பாட்டி, குறிகளையும் சேர்த்துச் சொல்லும்படி பேத்தி கேட்டுக்கொண்டதால் இப்படிப் பேசினார் என்று வைத்துக்கொள்வோம்:

“அப்ப எனக்கு பதிமூணு வயசு முற்று புள்ளி விடியறதுக்கு முன்னாடி பிரட்டுக்கு போகணும் முற்றுப்புள்ளி அம்மா மங்கு தொடைப்பாங்க காற்புள்ளி நான் வாளி தூக்குவேன் முற்றுப்புள்ளி புதிய பத்தி ஒரு நாள் தண்டல் வந்து மேற்கோள் தொடக்கம் இந்த புள்ளைக்கு என்ன வயசு கேள்விக்குறி மேற்கோள் முடிவு னு கேட்டாரு முற்றுப்புள்ளி மறுநாளே எனக்கும் ஒரு நெரை குடுத்தாங்க முற்றுப்புள்ளி அதோட படிப்புக்கு முற்றுப்புள்ளி வச்சாச்சு முற்றுப்புள்ளி அதை பத்தி இப்ப பேசி என்ன கேள்விக்குறி”

கண்ணை மூடிக்கொண்டு ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றினால் மூன்று இடங்களில் அடி விழும். முதல் வாக்கியத்தில் ‘முற்று புள்ளி’ பிரிந்து கிடப்பதால் தேடலுக்கு அகப்படாது. ‘படிப்புக்கு. வச்சாச்சு.’ என்று ஒரு வாக்கியம் இரண்டாக உடையும். அந்தப் பெண்ணின் வாழ்க்கையே திரும்பிய வாக்கியம் அது. ‘புதிய பத்தி’ என்ற முழுத்தொடரைத் தேடாமல் ‘பத்தி’யை மட்டும் தேடியிருந்தால், ‘அதை பத்தி’ என்ற இடத்திலும் புதுப் பத்தி பிறந்துவிடும். ‘எதிர்காலம் கேள்விக்குறியானது’ என்று யாராவது பேசியிருந்தால் அங்கே ஒரு வினாக்குறியும் அதன் வாலில் ‘யானது’ம் தொங்கும்.

இதைத் தவிர்க்க வரிசை முக்கியம். ஒலிக்கோப்பையும் மாற்றாத மூல எழுத்தையும் தனியே சேமித்துவிட்டு, முதலில் சொல்லாகவே இருக்கவேண்டிய முற்றுப்புள்ளிகளைக் காப்பாற்ற வேண்டும். ‘க்கு முற்றுப்புள்ளி’ என்று தேடினால் பெரும்பாலானவை சிக்கும், ஏனென்றால் ஒன்றுக்கு முற்றுப்புள்ளி வைப்பதுதான் தமிழ் வழக்கு. வாக்கியமே ‘வீட்டுக்கு’ என்று முடிவதும் பேச்சில் உண்டு என்பதால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். உண்மையான சொல்லாக இருப்பதை ‘##’ போன்ற தற்காலிக அடையாளமாக மாற்றிவைத்து, மற்றவற்றை மாற்றி முடித்தபின் மீட்டுக்கொள்ளலாம். நீளமான பெயர்களை முதலில் மாற்றுவதும் அவசியம். ‘புள்ளி’யை முதலில் மாற்றியவருக்கு ஆவணம் முழுக்க ‘முற்றுப்.’ என்ற எச்சமே மிஞ்சும். லிப்ரெ ஆபீஸில் Ctrl+H அழுத்தி, Regular expressions என்பதைத் தேர்ந்துகொண்டு கீழ்க்கண்டதைத் தேடினால் சேர்த்தெழுதியது, பிரித்தெழுதியது இரண்டும் ஒரே முறையில் அகப்படும்:

```
\s*முற்று(ப்)?\s?புள்ளி(?!\S)
```

தொடக்கத்தில் உள்ள துண்டு, குறிக்கு முன்னால் கிடக்கும் இடைவெளியையும் சேர்த்து விழுங்கிவிடும். கடைசித் துண்டு ‘முற்றுப்புள்ளியாக’ என்பதுபோல் விகுதி ஒட்டிய சொல்லைத் தொடாமல் விடும். பைத்தான் தெரிந்த பிள்ளைகள் இங்கே வழக்கமான \b பயன்படுத்தினால் ஏமாந்துபோவார்கள். தமிழின் உயிர்மெய்க் குறிகளைப் பைத்தானின் தேடல் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. அதனால் ‘புள்ளி’யின் இறுதி இகரத்துக்குப் பின் சொல் முடிந்ததாகவே அதற்குப் படாது. பத்தி மாற்றத்துக்கு லிப்ரெ ஆபீஸில் பதிலீட்டுப் பெட்டியில் \n, வேர்டில் ^p.

இவ்வளவுக்குப் பிறகு, விடுபட்ட ஒற்றுகளையும் ‘வந்து’க்குப் பின் ஒரு காற்புள்ளியையும் கையால் சேர்த்து, மிஞ்சிய இடைவெளிகளை நீக்கினால் அந்தத் துண்டு இப்படி நிற்கும்:

“அப்ப எனக்கு பதிமூணு வயசு. விடியறதுக்கு முன்னாடி பிரட்டுக்குப் போகணும். அம்மா மங்கு தொடைப்பாங்க, நான் வாளி தூக்குவேன்.

ஒரு நாள் தண்டல் வந்து, ‘இந்தப் புள்ளைக்கு என்ன வயசு?’னு கேட்டாரு. மறுநாளே எனக்கும் ஒரு நெரை குடுத்தாங்க. அதோட படிப்புக்கு முற்றுப்புள்ளி வச்சாச்சு. அதைப் பத்தி இப்ப பேசி என்ன?”

மலேசியப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்னொரு குறுக்குவழி உண்டு. மலாயில் முற்றுப்புள்ளிக்கு நொக்தா என்பார்கள். தமிழ் வாக்கியத்துக்குள் அந்தச் சொல் வேறு பொருளில் வரவே வராது என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் தமிழை எதிர்பார்க்கும் கருவி அதை எப்படி எழுதும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பத்து முறை சொல்லிப் பார்த்து, எழுத்தில் ஒரே மாதிரி விழுகிறதா என்று சோதித்த பிறகே நம்பலாம்.

இரண்டாவது வழி, எதையும் சொல்லாமல் பேசவிட்டு, பிறகு உட்கார்ந்து குறியிடுவது. தமிழைப் பொறுத்தவரை இது தோன்றுவதைவிட எளிது. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பதால், ‘போகணும்’, ‘குடுத்தாங்க’, ‘கேட்டாரு’ என்ற இடங்களில் முற்றுப்புள்ளி தானாகவே தெரிந்துவிடுகிறது. ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறிகளே இல்லாமல் நம் முன்னோர் படித்ததும், ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் அச்சு உரைநடையில் அவற்றைக் கவனமாக இட்டு நிலைபெறச் செய்ததும் நினைவுகூரத் தக்கவை. வாக்கிய முடிவைக் கண்டுபிடிக்கும் திறன் மொழிக்குள்ளேயே இருந்தது.

ஆனால் பேச்சுத் தமிழ் சில இடங்களில் ஏமாற்றும். ‘நேத்து வந்த ஆளு யாரு’ என்பதில் ‘வந்த’ என்பதற்குப் பின் புள்ளி வைத்தால், நேற்று வந்தவர் முன்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பவரே. புள்ளி இல்லாவிட்டால், வந்தது வேறு ஒருவர். இதைவிடப் பெரிய பள்ளம் மேற்கோள். ‘என்று’, ‘னு’ என்ற சொற்கள் பிறர் பேச்சின் முடிவைத்தான் காட்டுகின்றன, தொடக்கத்தைக் காட்டுவதில்லை. ‘அப்பா தண்டல் நாளைக்கு வரமாட்டாருனு சொன்னாரு’ என்று எழுத்தில் மட்டும் பார்ப்பவருக்கு, சொன்னவர் அப்பாவா, அல்லது அப்பாவை விளித்து வேறு யாரோ சொன்னதா என்பது புலப்படாது. குரலில் அது தெளிவாக இருந்திருக்கும். ஆகவே இந்த வழியைத் தேர்பவர் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது. காதிலும் ஒலி ஓடவேண்டும்.

சில செயலிகள் தாமாகவே குறியிடுகின்றன. கடிதம், அறிவிப்பு போன்றவற்றை ஒரே மூச்சில் சொல்பவருக்கு இது போதும். நினைவுகளைத் தேடித் தேடிப் பேசும் முதியவருக்குப் பொருந்தாது, ஏனென்றால் நினைவுக்காக அவர் நிறுத்தும் இடத்தில் கருவி வாக்கியத்தை முடித்துவிடக்கூடும். அப்படி நடந்திருக்கிறதா என்று பார்க்க, எச்சத்துக்குப் பின் வரும் புள்ளிகளைத் தேடலாம். ‘வந்து.’ ‘போயி.’ ‘எடுத்துட்டு.’ என்று கண்ணில் பட்டால் அவற்றில் பெரும்பாலானவை பிழை.

மூன்றாவது வழியைத்தான் தெப்ராவ் பாட்டிகளுக்குப் பரிந்துரைக்கத் தோன்றுகிறது. தொலைக்காட்சி நேரலைக்கு வசனவரி இடுபவர்கள் பிரிட்டனில் 2000களிலிருந்து செய்யும் வேலை இது. நேரலையில் பேசுபவரின் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே, ஒருவர் அதைத் தம் குரலில் குறிகளுடன் திருப்பிச் சொல்வார். கருவி அவர் குரலைத்தான் கேட்கும். வீட்டிலும் இதே ஏற்பாடு நடக்கும். பாட்டி தம் போக்கில் பேசட்டும். பேத்தி காதில் ஒலிப்பான் மாட்டி, வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, குறிகளைச் சேர்த்துத் தம் குரலில் சொல்லட்டும். கருவி ஒரே குரலை, தெளிவான உச்சரிப்பில், அமைதியான அறையில் கேட்பதால் பிழை குறையும். ‘மங்கு’ ‘மாங்காய்’ ஆவது போன்ற தடுமாற்றங்களை அங்கேயே திருத்தலாம். முக்கியமாக, எங்கே மேற்கோள் தொடங்குகிறது என்பதை ஏற்ற இறக்கத்தைக் கேட்டவரே சொல்கிறார். நேரம் கூடுதலாகும் என்பதுதான் இதன் விலை. மூலப் பதிவின் நீளத்தைப் போல் சில மடங்கு பிடிக்கும். பாட்டியின் சொல்லைப் பேத்தி அறியாமல் எழுத்துத் தமிழாக மாற்றிவிடும் ஆபத்தும் இதில் உண்டு. ‘தொடைப்பாங்க’ என்று கேட்டதை ‘துடைப்பார்கள்’ என்று சொல்லிவிடாமல் கவனிக்க வேண்டும்.

எந்த வழியானாலும் பத்தி பிரிப்பதில் குரல் பதிவுகளுக்கென ஒரு வசதி இருக்கிறது. ஒரு பதிவு பெரும்பாலும் ஒரு நினைவு. ஆண்டிராய்டில் அவை PTT-20240115-WA0003.opus என்ற வடிவில் சேமிக்கப்படுவதால், பெயர்வரிசைப்படி அடுக்கினாலே தேதியும் வந்த ஒழுங்கும் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒரு பதிவுக்கு ஒரு பத்தி என்று தொடங்கி, விரல் நழுவி அறுந்துபோனவற்றை ஒட்டுவது நல்லது. பாட்டி சொல்லும் ‘அப்புறம்’ எதற்கும் அடையாளமல்ல, அது எல்லா வாக்கியத்துக்கும் முன்னால் வரும். ‘ஒரு நாள்’, ‘அந்தச் சமயத்துல’, ‘அது இருக்கட்டும்’ என்று வரும் இடங்களில்தான் கதை உண்மையிலேயே திரும்புகிறது. அங்கே பேத்தி ‘புதிய பத்தி’ என்று சொல்லலாம்.

தம் கடிதத்தைத் தாமே சொல்லி எழுதவைப்பவருக்கு முதல் வழியே போதும், நான்கைந்து குறிகளுக்கு மேல் சொல்லாமல் இருந்தால். அவருக்கு முற்றுப்புள்ளியும் புதிய பத்தியும் மேற்கோள் தொடக்கமும் கட்டாயம். காற்புள்ளியைப் பேச்சில் சொல்வது மூச்சையும் சிந்தனையையும் அறுப்பதால் அதைக் கடைசியில் கையால் இட்டுக்கொள்வது மேல்.