தேங்காய் 20

இந்த மாதச் சொல் பாடத்தை ஒரு கதையாகப் படிப்போம்.

அக்காவின் கல்யாணத்துக்கு அழைப்பவர்களின் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலை கவினுக்கு. பாட்டி தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய நோட்டைக் கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தார். அட்டை கிழிந்திருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே 1974.

"இது என் கல்யாண மொய் நோட்டு. இதுல இருக்கிறவங்கள மொதல்ல எழுது."

பெயர், லயத்து நம்பர், தொகை என்று ஒவ்வொரு வரியும் ஒழுங்காக இருந்தது. இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி, ஓர் இடத்தில் பதினொரு வெள்ளி. அநேகமாக எல்லா வரியிலும் சிவப்பு மையில் ஒரு கோடு. திருப்பிச் செய்தாகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

கவின் கணினியில் தலைப்பு போட்டான்: கிஃப்ட்.

"அப்படின்னா என்னடா?"

"அன்பளிப்பு, பாட்டி."

"அன்பளிப்பத் திருப்பிக் குடுக்கணுமா? இதத் திருப்பிச் செய்யணும்."

அதை அழித்துவிட்டு லோன் என்று போட்டான். பாட்டி சிரித்தார். "கடன்னா வட்டி உண்டு, தவணை உண்டு, வீட்டு வாசல்ல வந்து கேப்பான். மொய்ய யாரும் கேக்க மாட்டாங்க. அவங்க வீட்டுல ஒரு விசேஷம் வரணும். அன்னைக்கு நாம போய் நிக்கணும். அது இருபது வருஷம் கழிச்சும் வரலாம்."

"அப்போ டொனேஷன்?"

"அது இருக்கிறவன் இல்லாதவனுக்குக் குடுக்கிறது. லயத்துல எல்லாரும் ஒண்ணுதான். இன்னைக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு."

"வாங்கினத அப்படியே குடுத்தா சரியாப் போச்சா?"

"அப்படிக் குடுத்தா கணக்கு முடிஞ்சதுன்னு அர்த்தம். மேல கொஞ்சம் வச்சாத்தான் உறவு நீளும்."

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றான். ராக்கம்மா, 7ஆம் நம்பர் லயம், தேங்காய் 20. அதில் மட்டும் சிவப்புக் கோடு இல்லை.

பாட்டியின் குரல் தாழ்ந்தது. "அப்ப அவ புருஷன் படுத்த படுக்கை. இவ ஒருத்தி பால் வெட்டித்தான் குடும்பம். காசு இல்ல. ஆனா கல்யாணத்துக்கு வெறுங்கையோட வர மனசு வரல. லயத்துக்குப் பின்னால இருந்த தென்னையில பறிச்சு, சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்தா. நோட்டு எழுதினவரு, 'இத எப்படி எழுதுறது'ன்னு கேட்டாரு. எங்கப்பா, 'தேங்காய்னே எழுதுங்க, அதுவும் மொய்தான்'னு சொன்னாரு. அப்புறம் தோட்டத்த வித்துட்டாங்க. ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம்."

அன்றிரவு கவினுக்கு வேறொன்று பிடிபட்டது. ஈ மொய்க்கிறது, எறும்பு மொய்க்கிறது என்கிறோமே! பழந்தமிழில் மொய் என்றால் கூட்டம், நெருக்கம், வலிமை. அவன் தேடிய ஆங்கிலச் சொற்கள் எல்லாம் பணத்தைப் பார்த்தன. இந்தச் சொல்லோ வந்து சூழ்ந்த ஆட்களைப் பார்த்தது. மறுநாள் தலைப்பை அழித்துவிட்டு மொய் என்றே போட்டான்.

தெரிந்தவர்களிடம் விசாரித்ததில், ராக்கம்மாவின் மகன் பந்திங்கில் இருப்பது தெரிந்தது. ராக்கம்மா காலமாகிவிட்டார். அடுத்த மாதம் அவருடைய கொள்ளுப்பேத்திக்குக் காதுகுத்து.

பாட்டியும் கவினும் போனார்கள். மொய் எழுதும் மேசையில் இருந்தவர், "எவ்வளவு?" என்று கேட்டார். கவின் சாக்கை இறக்கி வைத்தான்.

"தேங்காய் 21."

அவர் விழித்தார். ராக்கம்மாவின் மகன் எழுந்து வந்தார். பாட்டி எதுவும் சொல்லாமல் பழைய நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். அவர் தம் அம்மாவின் பெயர் மீது விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு மேசைக்காரரிடம் சொன்னார்:

"தேங்காய்னே எழுதுங்க."

திரும்பும் வழியில் பாட்டி சிவப்புப் பேனா கேட்டார். கவின் கொடுத்தான்.

சிந்திப்போம்

1. 20 தேங்காய்க்குப் பதிலாக அதன் இன்றைய விலையைப் பணமாகக் கொடுத்திருந்தால் எது விடுபட்டிருக்கும்?

2. வசதிக்கு மீறி மொய் வைக்கக் கடன் வாங்குபவர்களும் உண்டு. அப்போது இந்தச் சொல்லின் பொருள் எப்படி மாறிவிடுகிறது?

3. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய மொய் நோட்டு இருந்தால், கோடு போடாத ஒரு வரியின் கதையைக் கேட்டு எழுதுங்கள்.